எல்லாரும் எழுந்து நில்லுங்க

தலைவர் மைக்கைப் பிடித்தபோது மண்டபத்து ஜன்னல்களில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இப்போது அது சாய்ந்து, தரையில் நீளமாகப் படுத்துவிட்டது. தலைவர் மட்டும் படுப்பதாக இல்லை. அவர் இன்னும் சங்கம் ஆரம்பித்த காலத்துக் கதையிலேயே இருந்தார். ஆலை எரிந்த கதைக்கு வந்து சேரவே இல்லை.

மேடையின் ஓரத்தில் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தறி ஃபிட்டர் அவன். ஆனால் அந்த வேலைக்காக அவனை யாருக்கும் தெரியாது. சங்கக் கூட்டம் என்றால் தொகுத்துச் சொல்ல அவன்தான் வேண்டும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்பதால் மூன்று ஆலை ஆட்களும் அவனை வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

தொகுப்பவன் செய்ய வேண்டியதையெல்லாம் அவன் செய்தாயிற்று. முதலில் "முடிக்கவும்" என்று துண்டுச்சீட்டு எழுதி வைத்தான். தலைவர் அதைப் படித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தான். பேசுகிறவர் நிறுத்திக் குடிப்பார், அந்த இடைவெளியில் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடலாம் என்பது பழைய உபாயம். தலைவர் குடிக்காமலே பேசினார். மூன்றாவதாகப் பின்னால் போய்ச் சட்டையை லேசாக இழுத்தான். அப்போதுதான் மனிதர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

"தம்பி சட்டையப் பிடிச்சு இழுக்குறாரு. முடிக்கணுமாம். ஒன்பது உயிர் போயிருக்கு, நான் முடிக்கணுமாம்! நீங்க சொல்லுங்க, முடிக்கட்டுமா?"

"பேசுங்க தலைவரே!" என்று முன்வரிசையில் இருந்த அவருடைய ஆட்கள் கத்தினார்கள். பின்னால் இருந்து வேறொரு குரல், "முடிய்யா, வீட்டுக்குப் போகணும்!" என்று கத்தியது. அதைக் கேட்டு முன்வரிசைக்காரன் ஒருவன் எழுந்து போய், கத்தியவனின் வாயிலேயே குத்தினான். பல் உடைந்ததோ உதடு கிழிந்ததோ, அந்த ஆள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனான். தலைவர் ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. இது எந்த ஊர்ப் பேச்சு! அடிதடியையே நிறுத்தக்குறி மாதிரி வைத்துக்கொண்டு பேசினார்.

ஆறு மணிவரைதான் மைக்குக்கு அனுமதி. வாசலில் லாரி நிறையப் போலீஸ் நின்றது. தீ விபத்துக்குப் பிறகு ஆலைத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. மேனேஜரின் காரைக் கவிழ்த்துக் கொளுத்தினார்கள். காவல் கொட்டகையை அடித்து நொறுக்கினார்கள். ஆளில்லாத அலுவலகத்தில் கண்ணாடி ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதனால் இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "ஆறு அடிச்சா கரண்டைப் பிடுங்குவேன். அதுக்கப்புறம் எவன் உள்ள நின்னாலும் தடியால பேசுவேன்."

நாளை அரசாங்க விசாரணை ஆரம்பம். இன்றைக்குக் கூட்டம் முடியும்போது கையைத் தூக்கி ஒரு தீர்மானம் போடப் போகிறார்கள். பின்பக்கக் கதவைப் பூட்டி, ஒன்பது பேரைப் பொசுக்கியது காவலாளிதான் என்று தீர்மானம். அது விசாரணைக்குப் போனால் கம்பெனி தப்பித்தது, காவலாளி செத்தான். அதற்கு முன்னால் அந்தக் காவலாளி ஐந்து நிமிஷமாவது இந்த மைக்கில் பேசியாக வேண்டும். தொகுத்துச் சொல்லும் வெண்கலத்துக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

காவலாளி மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்து மடியில் வைத்திருந்தான். ஆலையில் அவனுக்கு இப்போது ஒரே பெயர்தான். சாவிக்காரன். காண்ட்ராக்ட்டில் வெளியிலிருந்து எடுத்த ஆள். யாரோடும் ஒட்டாமல் வாசலோடு வந்து வாசலோடு போனவன். அவன் வெண்கலத்தின் தங்கை புருஷன் என்பது இந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவன் வெண்கலம். இன்னொருவர், பேசிக்கொண்டே இருந்த தலைவர்.

தலைவருக்கும் முதலில் தெரியாது. "காவல் தரப்புல ஒருத்தர் பேசணும்னு கேக்குறாரு" என்று மட்டும் சொல்லி வெண்கலம் பேச்சாளர் வரிசையில் இடம் வாங்கிவிட்டான். தலைவரும் யாரோ ஒரு காவல்காரன் அழுதுவிட்டுப் போவான் என்று தலையாட்டினார். மேடை ஏறும்போதுதான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். துண்டுக்குள் இருந்த கையையும் பார்த்தார். வெண்கலத்தைத் தனியே இழுத்து, "இவன் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வெண்கலம் சொன்னான். மனிதர் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு மைக்கைப் பிடித்தவர்தான், விடவே இல்லை.

அவர் ஏன் விடவில்லை என்று வெண்கலத்துக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் தங்கை வீட்டுச் சமையலறையில் வைத்து மச்சான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். துணி திருட்டுப் போகிறது என்று மேனேஜர் பின்கதவைப் பூட்டச் சொன்னார். "உள்ள ஆளுங்க இருக்கும்போது பூட்டக் கூடாது சார், ஏதாவது ஒண்ணுன்னா எப்படி வெளிய வருவாங்க?" என்று மச்சான் கேட்டிருக்கிறான். அந்த அறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தலைவர், "பூட்டு, ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாராம். பூட்டியதும் சாவியை மேனேஜர் வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தீப்பிடித்த அன்றைக்குச் சாவிக்காரனிடம் சாவியே இல்லை. அலுவலகத்துக்கு ஓடினான், அங்கே யாரும் இல்லை. இரும்புக் கம்பியை எடுத்துவந்து பூட்டை நெம்பினான். கதவு அடுப்புக் கல் மாதிரிக் காய்ந்திருந்தது. உள்ளங்கைத் தோல் கதவிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே தட்டிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது என்று சொல்லும்போது மச்சான் சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

தங்கை அப்போது அடுப்பை அணைத்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒண்ணு மட்டும் செய். இவரைக் கூப்பிடும்போது, மொதல் வார்த்தையே 'என் மச்சான்'னு சொல்லிடு. மத்ததெல்லாம் அப்புறம். உன் வீட்டு ஆளுன்னு தெரிஞ்சா ஒரு பய கை வைக்க மாட்டான்."

"சொல்றேம்மா. நான் சொல்லாம வேற யாரு சொல்றது?"

"நீ உன் பாணியில ஆள் யாருன்னு கடைசில சொல்லுவ. எனக்குத் தெரியும் உன்னை. அந்த வித்தையெல்லாம் இவர்கிட்ட வேணாம்."

அவள் சொன்னது சரிதான். வெண்கலத்துக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. முன்னால் பேசியவரைத் திருப்பிச் சொல்லக் கூடாது. வரப்போகிறவரின் சரக்கில் கை வைக்கக் கூடாது. எதைப் பற்றி, ஏன் இப்போது, ஏன் இவர், அவ்வளவுதான். ஆள் யார் என்பது கடைசியில். அதைச் சொன்னதும் கைதட்டலை ஆரம்பித்துவிட்டு மைக்கை விட்டு நகர வேண்டும். இப்படிச் செய்துதான் ஊமை மாதிரி நிற்கிற ஆட்களைக்கூட அவன் பேச வைத்திருக்கிறான்.

தலைவர் ஒருவழியாகக் குரலை உயர்த்தினார். முடிக்கப் போகிறார் என்று வெண்கலத்துக்குப் புரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். ஆறுக்குக் கால் மணிகூட இல்லை. போதும், இது போதும் என்று எழுந்து நின்றான்.

"கடைசியா ஒண்ணு சொல்றேன்" என்றார் தலைவர். "நம்ம பொண்ணுங்களை உள்ள வச்சுப் பூட்டுனவனுக்கு வக்காலத்து வாங்க நம்ம சங்கத்துலயே ஆள் இருக்கு. சொந்தம், பந்தம், மாமன், மச்சான்னு பாக்குறவன் தொழிலாளியே இல்ல. அவன் எவனா இருந்தாலும், மேடையிலயே இருந்தாலும், அவனையும் சேர்த்துக் கவனிங்க!"

சொல்லிவிட்டு வெண்கலத்தின் தோளைத் தட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாவி மனுஷன். நாக்கில் இருந்த வார்த்தையை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெண்கலம் மைக் முன்னால் நின்றான். 'என் மச்சான்' என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அடுத்த நொடியே தலைவர், "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று எழுந்து நிற்பார். மச்சான் பேச்சு அங்கேயே செல்லாக்காசு. அதற்குள் கூட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசைகள் எழுந்துவிட்டன. யாரோ விசில் அடித்தார்கள். இரும்பு நாற்காலிகள் மடார் மடார் என்று சரிந்தன. ஒரு நாற்காலி பறந்து வந்து மேடை விளிம்பில் மோதி அவன் முழங்காலைப் பதம் பார்த்தது.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது மூளைக்கு முன்னால் ஓடும். நெடுநேரம் உட்கார்ந்து மரத்துப்போன கூட்டத்தை எழுப்ப அவன் எத்தனையோ தடவை செய்த காரியம் தானாக வாயில் வந்தது.

"ஒரு நிமிஷம்! யாரும் போகாதீங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

வெண்கலக் குரல் சுவரில் மோதித் திரும்பியது. போனவர்கள் நின்றார்கள்.

"நல்லா எழுந்து நில்லுங்க. கால் மரத்திருக்கும், உதறுங்க. எனக்கே மரத்திருச்சு. தலைவர் பேசினதுல சுவத்துல இருக்கிற கடிகாரத்துக்கே தாடி முளைச்சிருக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. வாயில் குத்துப்பட்டவனின் சிநேகிதர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"போனவங்க ஒன்பது பேரு. அவங்களுக்காக ஒரு நிமிஷம் பேசாம நிப்போம்."

மண்டபம் அடங்கியது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் கொதிகலன்காரர் நின்றார். கொதிகலனுக்குக் கரி தள்ளித் தள்ளித் தோள் இரண்டும் பாறை மாதிரி ஆன மனிதர். செத்தவர்களில் ஒருத்தி அவருடைய மகள். கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டம் அவன் கைக்குள் வந்துவிட்டது. இந்த அமைதியில் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

இதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'உட்காருங்க' என்பதுதான் அது. எப்போதும் சொல்கிறவன்தான். உட்காரச் சொல்லி, நாற்காலிகள் இழுபடும் சத்தம் அடங்கக் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்தவரை அறிமுகப்படுத்துவான். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்தான். இத்தனை பேர் உட்கார்ந்து முடிப்பதற்குள் மச்சானுடைய நிமிஷங்கள் தீர்ந்துவிடும். நிற்கிறவர்கள் நின்றே கேட்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"கதவு ஏன் பூட்டியிருந்துச்சு?" என்றான். "நம்ம எல்லாருக்கும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குற கேள்வி அதுதான். நாளைக்கு விசாரணையில அதைத்தான் கேப்பாங்க. அதுக்குப் பதில் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். தைரியமா உங்க முன்னாடி வந்திருக்காரு. அன்னைக்கு அந்தக் கதவுப் பக்கம் காவல்ல இருந்தவர்!"

அச்சில் வார்த்தாற்போன்ற அறிமுகம். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஆள் யார் என்பது கடைசியில் வந்தது. கைதட்டலைத் தொடங்க இரண்டு கையையும் தூக்கினான்.

திரையை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தான். துண்டு தரையில் விழுந்தது. கட்டுப் போட்ட கைகளை மார்போடு வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் மைக்கைப் பார்த்தான்.

"சாவிக்காரன்டா!" என்று ஒரு குரல் வெடித்தது.

உட்கார்ந்திருக்கிற கூட்டம் எழுந்திருக்க நேரம் ஆகும். முதலில் ஒருவன் எழுவான், பக்கத்தில் இருப்பவன் இழுத்து உட்கார வைப்பான், நாற்காலி தடுக்கும், அதற்குள் பேசுகிறவன் ஒரு வாக்கியமாவது பேசிவிடலாம். இந்தக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. காலை உதறி, ரத்தம் ஓடி, தயாராக நின்றது. வெண்கலம்தான் நிற்க வைத்திருந்தான்.

அவன் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசை மேடை மேல் ஏறியிருந்தது. முதலில் வந்தவர் கொதிகலன்காரர். ஓடிவந்த வேகத்திலேயே மச்சானின் தாடையில் ஒரு அறை. சுவரில் சட்டி உடைந்த மாதிரிச் சத்தம் கேட்டது. மச்சான் விழுந்தான். விழுந்தவனை யாரோ காலரைப் பிடித்துத் தூக்கினார்கள், தூக்கி மறுபடி போட்டார்கள். ஒருவன் மடக்கு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினான். இன்னொருவன் விலாவில் மிதித்தான். "கதவைத் திறடா! இப்பத் திறடா!" என்று ஒரு கிழவன் அழுதுகொண்டே மிதித்தான். அடிக்க இடம் கிடைக்காதவர்கள் அடிக்கிறவர்களின் முதுகைத் தள்ளினார்கள். மச்சான் கட்டுப் போட்ட கைகளால் முகத்தை மூடினான். அந்தக் கைகளின் மேலேயே செருப்புக் கால்கள் விழுந்தன. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை.

"விடுங்க! அவர் பேசட்டும்! விடுங்கய்யா!" வெண்கலம் கத்தினான். ஒரு முழங்கை அவன் மூக்கில் இடித்தது. ரத்தம் வாய்க்குள் இறங்கியது. மைக் கம்பி சாய்ந்து விழ, அதைத் தாவிப் பிடித்தான். நாற்காலியில் தலைவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால்கூடப் போட்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்ததை வெண்கலம் பார்த்தான்.

அதற்குமேல் அவனுக்கு எந்தக் கட்டுப்பாடும் ஞாபகம் இல்லை. குனிந்து, கால்களுக்கு இடையில் நுழைந்து, மச்சான் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். முதுகில் நாலைந்து மிதி விழுந்தது. மைக்கை வாயருகே வைத்து, பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தைப் போட்டான்.

"என் மச்சான்டா! என் தங்கச்சி புருஷன்டா! என்னைக் கொல்லுங்கடா மொதல்ல!"

ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. அடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வெண்கலத்தோடு தறிக்கு அடியில் படுத்து வேலை செய்தவர்கள். அவன் வீட்டில் சாப்பிட்டவர்கள். கொதிகலன்காரர் மகளின் உடலை அடையாளம் காட்டப் போனபோது அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனவனே இவன்தான்.

"வெண்கலம்... இது உன் மச்சானா?" கொதிகலன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "என்னடா சொல்ற? மொதல்லயே சொல்லக் கூடாதாடா?"

சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த ஒரு வார்த்தைக்கு அத்தனை பலம் இருந்தது.

வெண்கலம் மச்சானின் தலையை மடியில் தூக்கி வைத்து, மைக்கை அவன் உதட்டோடு வைத்தான். தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. வாயைத் திறந்ததும் ரத்தமும் ஒரு பல்லும் வெளியே வந்தன. கையைத்தான் முதலில் தூக்கினான். கட்டு அவிழ்ந்து தொங்கியது. தோல் இல்லாத உள்ளங்கைகளைக் கூட்டம் பார்த்தது.

"சாவி... என்கிட்ட இல்ல" என்றான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு பெரிதாகக் கேட்டது. "மேனேஜர் மேஜையில. பூட்டச் சொன்னது அவரு." கை தலைவரின் நாற்காலிப் பக்கம் திரும்பியது. "சரின்னு சொன்னது... இவரு."

மைக் செத்தது. ஆறு அடித்திருக்க வேண்டும்.

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் நாற்காலிப் பக்கம் திரும்பின. நாற்காலி காலியாக இருந்தது. தலைவர் திரைக்குப் பின்னால் இருந்த கதவை இழுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் அந்த வழியாகச் சிதறி ஓடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் அதை வெளியிலிருந்து பூட்ட வைத்திருந்தார். பூட்டிய கதவு என்றால் என்ன என்று தலைவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. "திறங்க! திறங்க!" என்று இரண்டு கையாலும் தட்டினார். கொதிகலன்காரர் ஓடவில்லை. நடந்துதான் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். திரை கிழிந்து அவர்கள் மேல் விழுந்தது. திரைக்கு அடியில் நடந்ததை வெண்கலம் பார்க்கவில்லை, கேட்டான்.

"உட்காருங்க!" என்று அவன் கத்தினான். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "எல்லாரும் உட்காருங்கய்யா!" மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். ஒருவரும் உட்காரவில்லை. முன்வாசல் வழியாகப் போலீஸ் தடிகளோடு உள்ளே வந்தது. மண்டைகள் உடைந்தன. தலைவரைப் போலீஸ்காரர்கள் திரையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் இருந்தது. ஆனால் மறுநாள் விசாரணையில் கால்மேல் கால் போட்டு உட்கார அவரால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் மச்சானைக் கொண்டுபோனார்கள். விலா உடைந்து நுரையீரலில் குத்திவிட்டது என்று ஒரு டாக்டர் வந்து சொன்னார். பிறகு வேறொரு டாக்டர் வந்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தங்கை வந்தபோது வெண்கலம் நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் அவன் ரத்தமும் மச்சான் ரத்தமும் காய்ந்து ஒன்றாகியிருந்தது. அவள் அழுதுகொண்டு வரவில்லை. செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்திருந்தாள். நேராக இரும்புக் கதவுக்குப் போய், உள்ளே பார்த்துவிட்டு, திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"பேசினாரா?"

"பேசினாரும்மா. ஊரே கேட்டுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு, இவர் மேல தப்பில்லன்னு. தீர்மானம் போடல. கொதிகலன்காரர் வெளிய நின்னு அழுதுட்டிருக்காரு, உன் கால்ல விழணும்கிறாரு..."

"அதை விடு." அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் சொல்லச் சொன்னதைச் சொன்னியா?"

வெண்கலத்துக்கு எந்த மேடையிலும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. பொய் சொல்லலாம். ஆனால் வெளியே நிற்கிற அத்தனை பேரும் பார்த்தவர்கள்.

"சொன்னேன்."

"எப்ப?"

அவன் சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினான்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்குறேன். எப்பச் சொன்ன?"

"கடைசியா" என்றான்.

கை ஓங்குவாள் என்று நினைத்து முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி பேனாவும் கையுமாக எட்டிப் பார்த்து, "இந்த ஆளோட சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டாள்.

வெண்கலம் எழுந்தான். "நான் அவரோட மச்சா..." என்று ஆரம்பித்தான்.

"நீ உட்காரு" என்றாள் தங்கை. அவள்தான் முன்னால் போனாள்.